ஓய்வூதியரின் கைபேசி: ப்ரீபெய்டா, போஸ்ட்பெய்டா?

ப்ரீபெய்டு இணைப்பில் பணத்தை முதலில் கட்ட வேண்டும், பயன்பாடு பிறகு. போஸ்ட்பெய்டில் மாதம் முழுவதும் பயன்படுத்திவிட்டு, மாத முடிவில் வரும் பில்லைக் கட்ட வேண்டும். பேச்சின் தெளிவோ சிக்னலோ இதனால் மாறுவதில்லை. ஒரே நிறுவனம், ஒரே கோபுரம், ஒரே சிம் அட்டைதான். மாறுவது இரண்டு விஷயங்கள். ஒன்று, வாங்கியதில் எவ்வளவு பயன்படாமல் வீணாகிறது என்பது. மற்றொன்று, பணம் கட்ட மறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பது. நாளுக்கு நான்கைந்து அழைப்புகள், வாரத்தில் ஒன்றிரண்டு வீடியோ அழைப்புகள், வங்கியிலிருந்து வரும் ஓடிபி என்ற அளவில் கைபேசியைப் பயன்படுத்தும் ஓய்வூதியருக்கு இந்த இரண்டுமே முக்கியம்.

இன்று இந்தியாவில் அழைப்புகளுக்குத் தனிக் கணக்கு பார்க்க வேண்டிய தேவை ஏறக்குறைய இல்லை. எந்த நிறுவனத்தின் வழக்கமான திட்டத்திலும் உள்நாட்டு அழைப்புகள் வரம்பின்றிக் கிடைக்கின்றன. ஆகவே திட்டங்களின் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது டேட்டாவும், வேலிடிட்டி எனப்படும் செல்லுபடியாகும் நாட்களும்தான். போஸ்ட்பெய்டா ப்ரீபெய்டா என்று கேட்பதற்கு முன்னால் மாதம் எவ்வளவு டேட்டா செலவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. கடைக்காரர் சொல்லும் திட்டத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு நிமிட வீடியோ அழைப்புக்குத் தோராயமாக 5 முதல் 8 எம்பி வரை செலவாகும். சிக்னல் நன்றாக இருந்தால் படம் தெளிவாக வரும், செலவும் கூடும். அரை மணி நேரம் பேசினால் 150 முதல் 240 எம்பி வரை. வாரத்துக்கு இரண்டு முறை அரை மணி நேரம் வீதம் நான்கு வாரத்துக்கு எட்டு அழைப்புகள் என்றால், 1.2 ஜிபி முதல் 1.9 ஜிபி வரை ஆகிறது. அவரவர் கைபேசியில் உண்மையான அளவைப் பார்க்க, வாட்ஸ்அப்பின் Settings பகுதியில் Storage and data என்பதைத் தொட்டு, அதற்குள் Network usage என்பதைத் திறந்தால் போதும். அழைப்புகளுக்கு எவ்வளவு, படங்களுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும். அதே இடத்தில் Use less data for calls என்றொரு தேர்வு உண்டு. அதை இயக்கினால் படத்தின் தெளிவு சற்றுக் குறையும். பேரப்பிள்ளையின் முகம் தெரிவதற்கு அந்தத் தெளிவு தாராளமாகப் போதும், டேட்டா செலவும் குறையும்.

பல மூத்தவர்களின் கைபேசியில் வீடியோ அழைப்பைவிட அதிக டேட்டாவை விழுங்குவது குடும்பக் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும்தான். நாளுக்கு மூன்று வீடியோக்கள், ஒவ்வொன்றும் 15 எம்பி என்று வைத்துக்கொண்டாலும், 28 நாளில் 1,260 எம்பி போய்விடும். மொபைல் டேட்டாவில் தானாக இறங்கும் தேர்வு இயக்கத்தில் இருந்தால், அவை திறந்து பார்க்கப்படாவிட்டாலும் இறங்கிக்கொண்டிருக்கும். Storage and data பகுதியில் Media auto-download என்ற தலைப்பின் கீழ் மொபைல் டேட்டாவுக்கான எல்லாத் தேர்வுகளையும் நீக்கிவிட்டால், தொட்டால் மட்டுமே அவை இறங்கும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு மாதம் 2 ஜிபியே போதுமானதாக இருப்பதைப் பலர் காண்பார்கள்.

இனி விலைக்கு வரலாம். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி ஆகிய மூன்று தனியார் நிறுவனங்களும் கட்டணங்களை உயர்த்தின. அந்த உயர்வுக்குப் பிறகு ஜியோவின் தொடக்க போஸ்ட்பெய்டு திட்டம் மாதம் 349 ரூபாய் என்றும், அதில் 30 ஜிபி டேட்டா என்றும் இருந்தது. ஏர்டெல்லில் தொடக்கத் திட்டம் 449 ரூபாய். விளம்பரத்தில் வரும் இந்தத் தொகையுடன் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும் என்பதைப் பலர் முதல் பில்லில்தான் அறிகிறார்கள். 349 ரூபாய் திட்டம் பில்லில் 411 ரூபாய் 82 காசாக வரும். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,942 ரூபாய். ப்ரீபெய்டு ரீசார்ஜ் தொகையிலோ வரி உள்ளேயே அடங்கியிருக்கிறது. 199 என்றால் 199தான். இரண்டு வகைத் திட்டங்களையும் ஒப்பிடும்போது முதலில் சமன் செய்துகொள்ள வேண்டியது இந்த வரி வித்தியாசம்.

போஸ்ட்பெய்டில் அதிகப் பணத்துக்குக் கிடைப்பது அதிக டேட்டாவும், மிஞ்சியதை அடுத்த மாதத்துக்குக் கொண்டுசெல்லும் வசதியும், சில திட்டங்களில் ஓடிடி சந்தாவும். மாதம் 2 ஜிபி செலவழிப்பவருக்கு 30 ஜிபியில் 28 ஜிபி மிஞ்சுகிறது. அதை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோனாலும் அங்கேயும் அது மிஞ்சத்தான் போகிறது. வேலைக்குப் போகும் இளைஞருக்கு மதிப்புள்ள இந்த வசதி, குறைவாகப் பயன்படுத்தும் முதியவருக்கு எந்தப் பயனும் தருவதில்லை.

ப்ரீபெய்டிலும் இதே வீண்செலவு வேறு வடிவத்தில் இருக்கிறது. கடைகளில் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது, நாளுக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டம். ஜியோவில் இது 299 ரூபாய் என்ற அளவில் இருந்தது. 28 நாளில் மொத்தம் 42 ஜிபி. ஆனால் நாள்தோறும் நள்ளிரவில் அன்றைய மீதி அழிந்துவிடும். வீடியோ அழைப்பு உள்ள நாளில் 200 எம்பி, மற்ற நாட்களில் 20 எம்பி என்று பயன்படுத்துபவர் இதில் பெரும்பகுதியைத் தொடுவதே இல்லை. அவருக்கு ஏற்றது, நாள் வரம்பு இல்லாமல் மொத்தமாக ஒரு அளவு டேட்டாவைத் தந்து, விரும்பிய நாளில் விரும்பிய அளவு செலவழிக்கவிடும் திட்டம். ஏர்டெல்லிலும் வியிலும் 2024 ஜூலைக்குப் பிறகு 199 ரூபாய்க்கு 28 நாட்களும் 2 ஜிபியும் கிடைத்தன. 1,999 ரூபாய்க்கு 365 நாட்களும் மொத்தம் 24 ஜிபியும் கிடைத்தன. நிறுவனங்கள் இந்த மலிவான திட்டங்களை அடிக்கடி விலக்கியும் விலையும் அளவும் மாற்றியும் வருவதால், பணம் கட்டுவதற்கு முன் அன்றைய விலையைப் பார்க்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நடத்தும் tariff.trai.gov.in என்ற தளத்தில் எல்லா நிறுவனங்களின் திட்டங்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். நிறுவனத்தின் செயலி முன்னிறுத்திக் காட்டாத திட்டங்களும் அங்கே பட்டியலில் இருக்கும்.

மூன்றாவதாக ஒரு வகை 2025 ஜனவரியில் வந்தது. டேட்டாவே தேவைப்படாதவர்கள் அதற்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்பதால், குரல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ஒரு திட்டத்தையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதித்தது. அப்படி வந்தவற்றில் ஏர்டெல்லின் 365 நாள் திட்டம் 1,849 ரூபாய்க்கும், ஜியோவின் 336 நாள் திட்டம் 1,748 ரூபாய்க்கும் விற்கப்பட்டன. வீட்டில் பிராட்பேண்ட் வைஃபை உள்ள ஓய்வூதியருக்கு இதுவே போதும். வீடியோ அழைப்பும் யுபிஐயும் வைஃபையிலேயே நடந்துவிடும். வெளியே போகும்போது அழைப்பும் ஓடிபியும் வழக்கம்போல் வரும். கடையில் நின்று யுபிஐயில் பணம் செலுத்தும் பழக்கம் இருந்தால் மட்டும் இது பொருந்தாது. இந்தத் திட்டத்தின்மேல் தனியாக ஒரு டேட்டா பேக் போட முடியுமா என்பதையும் வாங்கும் முன்பே நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த இரு விலைகளுமே வேலிடிட்டிக் கணக்கு எப்படி ஏமாற்றும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1,748 ரூபாய், 1,849 ரூபாயைவிடக் குறைவுதான். ஆனால் 1,748ஐ 336 நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 5 ரூபாய் 20 காசு. 1,849ஐ 365 நாட்களுக்குப் பகிர்ந்தால் 5 ரூபாய் 7 காசு. குறைந்த விலைபோலத் தெரிவதுதான் உண்மையில் கூடுதல். 28 நாள் திட்டங்களிலும் இதே சங்கதிதான். மாதத்துக்கு ஒரு ரீசார்ஜ், ஆண்டுக்குப் பன்னிரண்டு என்று மனம் நினைக்கும். 365 நாட்களுக்கு 28 நாள் வீதம் போட்டால் பதின்மூன்று முறை ஆகிறது. காலாவதித் தேதியும் ஒவ்வொரு முறையும் பின்னுக்கு நகர்ந்துகொண்டே போகும். இதைப் பற்றி எழுந்த புகார்களால்தான், 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டம் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் ஆணையிட்டது. மாதாமாதம் ஓய்வூதியம் வந்ததும் ரீசார்ஜ் செய்ய விரும்புவோர் அந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்கலாம்.

கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். மகன் குடும்பம் டொரான்டோவில். ஞாயிறும் புதனும் அரை மணி நேரம் வீடியோவில் பேசுகிறார். வீட்டில் பிராட்பேண்ட் இல்லை. மருந்துக்கடையில் எப்போதாவது யுபிஐ. ஆண்டுக்கு 104 அழைப்புகள், ஒவ்வொன்றுக்கும் சராசரி 200 எம்பி என்றால் ஏறக்குறைய 21 ஜிபி. யுபிஐ, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் சேர்த்து 2 ஜிபி. மொத்தம் 23 ஜிபி. தானாக இறங்கும் வீடியோக்களை நிறுத்திவிட்டால் 24 ஜிபி கொண்ட 1,999 ரூபாய் ஆண்டுத் திட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. Use less data for calls தேர்வையும் இயக்கினால் நெருக்கடியே இருக்காது. இதே பயன்பாட்டுக்கு 199 ரூபாய் திட்டத்தைப் பதின்மூன்று முறை போட்டால் 2,587 ரூபாய். 299 ரூபாய் நாள்வரம்புத் திட்டத்தைப் போட்டால் 3,887 ரூபாய். போஸ்ட்பெய்டில் 4,942 ரூபாய். அழைப்பும் அதே, பேசும் நேரமும் அதே. ஆண்டுத் திட்டத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தீபாவளி மாதத்தில் அழைப்புகள் இரட்டிப்பானாலும் கூடுதல் பணம் இல்லை. ஆண்டின் மற்ற மாதங்களில் சேமித்ததைக் கொண்டு அது ஈடாகிவிடும்.

ஆண்டுத் திட்டத்தின் குறை, பணம் முழுவதும் முன்கூட்டியே போய்விடுவது. இடையில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் மீதி நாட்களுக்கான தொகை திரும்ப வராது. ஆகவே முதலில் ஒரு 28 நாள் திட்டம் போட்டு, வீட்டின் உள் அறையிலும் மாலை நேரத்திலும் வீடியோ அழைப்பு தடையின்றி வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பேச்சு மட்டும் வந்து படம் உறைந்து நின்றால், அந்த இடத்தில் அந்த நிறுவனத்தின் 4ஜி போதாது என்று பொருள். போஸ்ட்பெய்டுக்கு மாறுவதால் அது சரியாகாது. நாள்வரம்புத் திட்டத்தில் இருப்பவருக்குப் படம் உறைந்தால், முதலில் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வரம்பு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்குக் குறைக்கப்படும். அந்த வேகத்தில் எழுத்துச் செய்திகள் போகும், வீடியோ அழைப்பு போகாது.

பணக் கணக்கில் ப்ரீபெய்டு இவ்வளவு தெளிவாக முந்தியிருந்தும், போஸ்ட்பெய்டுக்கு வலுவான ஒரு வாதம் இருக்கிறது. அது மறதி. ப்ரீபெய்டு வேலிடிட்டி முடிந்ததும் வெளிச்செல்லும் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும். உள்வரும் அழைப்புகள் நிறுவனத்தைப் பொறுத்துச் சில நாட்கள் வந்து, பிறகு அவையும் நின்றுபோகும். தொடர்ந்து 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் எண்ணையே முடக்கிவிட நிறுவனத்துக்கு உரிமை உண்டு. கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால், அதை எடுத்துக்கொண்டு 30 நாட்களுக்கு எண்ணைத் தக்கவைக்க வேண்டும் என்று 2013இல் டிராய் கொண்டுவந்த விதி சொல்கிறது. இது எண் பறிபோகாமல் காக்கும் விதியே தவிர, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் தடையின்றி வரும் என்பதற்கான உறுதி அல்ல.

முடக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கப்படலாம். ஓய்வூதியருக்கு இது சாதாரண இழப்பு அல்ல. ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு முன்பதிவு, டிஜிட்டல் வாழ்நாள் சான்றான ஜீவன் பிரமாண் எல்லாம் அந்த ஒரு எண்ணில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. எண் வேறொருவரிடம் போனால் வங்கியின் ஓடிபியும் அவருக்கே போகும். ஆதாரிலும் புதிய எண்ணைப் பதிய வேண்டியிருக்கும். இருநூறு ரூபாய் ரீசார்ஜை மறந்ததன் விலையாக இது மிகப் பெரிது.

மறதிக்கு மருந்து போஸ்ட்பெய்டு மட்டுமல்ல. ப்ரீபெய்டு எண்ணுக்கு யார் வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும், கடவுச்சொல் ஏதுமின்றி ரீசார்ஜ் செய்யலாம். வெளியூரில் இருக்கும் மகளோ மருமகனோ தங்கள் கைபேசியிலிருந்தே செய்துவிட முடியும். ஆண்டுத் திட்டமாக இருந்தால் நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு தேதி. மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று தருவது நவம்பரில். அதே வாரத்தில் 365 நாள் ரீசார்ஜையும் வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து நினைவுக்கு வரும். 336 நாள் திட்டத்தில் இது நடக்காது. நவம்பர் 1இல் போட்டது அடுத்த அக்டோபர் 2உடன் முடிந்துவிடும், சான்றுக்கான ஓடிபி தேவைப்படும் மாதத்தில் எண் செயலிழந்து கிடக்கும். போஸ்ட்பெய்டிலும் மறதி முற்றாகப் பாதிக்காது என்று சொல்ல முடியாது. பில் கட்டாவிட்டால் அங்கேயும் முதலில் வெளிச்செல்லும் அழைப்பு நிற்கும், பிறகு இணைப்பு துண்டிக்கப்படும், நிலுவையும் சேர்ந்துகொண்டிருக்கும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஏற்பாடு செய்தால்தான் போஸ்ட்பெய்டின் நிம்மதி முழுமையாகும். தனியாக வாழும், நினைவாற்றல் குறைந்துவரும் ஒருவருக்கு அந்த நிம்மதி ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தக்கதே.

அதையும் குறைந்த செலவில் பெறும் வழி, பிள்ளைகளின் குடும்பத் திட்டத்தில் கூடுதல் சிம்மாகச் சேர்வது. ஜியோவின் 449 ரூபாய் குடும்ப போஸ்ட்பெய்டு திட்டத்தில், ஒவ்வொரு கூடுதல் சிம்முக்கும் மாதம் 150 ரூபாயும் வரியும் என்று கட்டணம் இருந்தது. வரியோடு 177 ரூபாய், ஆண்டுக்கு 2,124 ரூபாய். ப்ரீபெய்டு ஆண்டுத் திட்டத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. பில் மகன் கணக்கில் போய்விடும், பெற்றோர் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். முதன்மை எண்ணின் பில் நிலுவையானால் எல்லா சிம்களும் சேர்ந்து நிற்கலாம். எண் யார் பெயரில் பதிவாகும் என்பதையும் சேரும்போதே கேட்டு, ஓய்வூதியர் பெயரிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது. வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகளிடம் இந்திய போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்காது என்பதால், ஊரில் இருக்கும் பிள்ளை உள்ளவர்களுக்கே இது கைகொடுக்கும்.

போஸ்ட்பெய்டின் உண்மையான ஆபத்து, பில்லுக்கு மேல்வரம்பு தெளிவாகத் தெரியாதது. அறிமுகமில்லாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால் வருகிறது. பிள்ளையோ என்று பதறித் திரும்ப அழைத்தால், நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஐஎஸ்டி கட்டணம் பில்லில் ஏறும். ப்ரீபெய்டில் முதன்மைக் கணக்கில் பணமில்லாவிட்டால் அந்த அழைப்பே போகாது. வெளிநாட்டுப் பயணத்தில் ரோமிங் பேக் போடாமல் மொபைல் டேட்டாவை இயக்கிவிட்டாலும் இதே நிலைதான். போஸ்ட்பெய்டு வைத்திருக்கும் மூத்தவர்கள் ஐஎஸ்டியையும் பன்னாட்டு ரோமிங்கையும் முடக்கிவைக்கச் சொல்லி, தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளலாம். கேட்காத பாட்டுச் சேவை, ராசிபலன் சேவை போன்றவற்றுக்குப் பணம் பிடிக்கப்பட்டால், இரு வகை இணைப்புகளிலிருந்தும் 155223 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்து நிறுத்தலாம்.

ஏற்கெனவே போஸ்ட்பெய்டில் இருப்பவர் ப்ரீபெய்டுக்கு மாற எண்ணை மாற்ற வேண்டியதில்லை. அதே நிறுவனத்துக்குள் என்றால் செயலியிலோ கடையிலோ ஓடிபி மூலம் மாற்றிக்கொள்ளலாம். வேறு நிறுவனத்துக்கு என்றால் PORT என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்கக் கைபேசி எண்ணைச் சேர்த்து 1900 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். வரும் குறியீட்டுடன் புதிய நிறுவனத்தின் கடைக்குப் போனால் போதும். தமிழ்நாட்டில் அந்தக் குறியீடு நான்கு நாட்கள் செல்லும். இருக்கும் நிறுவனத்தில் 90 நாட்களாவது இருந்திருக்க வேண்டும். கடைசி பில்லின் நிலுவை முழுவதும் கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படும். இணைப்பு வாங்கும்போது வைப்புத்தொகை கட்டியிருந்தால் அதைத் திரும்பக் கேட்க மறக்கக் கூடாது. தராவிட்டாலோ பில்லில் தவறு இருந்தாலோ, 198 என்ற எண்ணை அழைத்துப் புகார் பதிந்து, அவர்கள் தரும் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கட்டமாக அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்லும்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.